எடை ஏறணும், பசி இல்லை: தட்டை அடர்த்தியாக்குவதா, வேளையைக் கூட்டுவதா, குடித்துவிடுவதா?

ஒல்லியாக இருப்பவரைப் பார்த்து எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "நல்லா சாப்பிடு." நன்றாகச் சாப்பிட முடிந்தால் அவர் ஏன் ஒல்லியாக இருக்கப் போகிறார்? நாலு வாய் போனதுமே வயிறு அடைத்துக்கொள்கிறது, அதற்கு மேல் ஒரு பருக்கை இறங்காது. இப்படிப்பட்டவருக்கு மூன்று வழிகள் உண்டு. சாப்பாட்டின் அளவை மாற்றாமல் அதே தட்டில் கலோரியைக் கூட்டலாம். மூன்று வேளையை ஐந்தாகவோ ஆறாகவோ பிரிக்கலாம். அல்லது மென்று தின்பதை விட்டுவிட்டுக் குடித்துவிடலாம். மூன்றும் வேலை செய்யும். ஆனால் காகிதத்தில் கூட்டிய கலோரிக்கும் நாள் முடிவில் உண்மையிலேயே மிஞ்சும் கலோரிக்கும் உள்ள இடைவெளி மூன்றிலும் வேறு வேறு. அதை வைத்துத்தான் இவற்றை ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

கணக்குக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 168 செ.மீ., எடை 48 கிலோ. உயரத்தோடு எடையை ஒப்பிட்டுக் காட்டும் பி.எம்.ஐ. அவருக்கு 17. இது 18.5-க்குக் கீழே இருந்தால் குறை எடை என்பார்கள். அவர் அந்தக் கோட்டைத் தொட 52 கிலோவுக்குச் சற்று மேலே போக வேண்டும். தினமும் சுமார் 1,700 கலோரி சாப்பிடுகிறார், எடை மாதக்கணக்காக அசையவில்லை. அப்படியென்றால் அவருடைய செலவும் ஏறக்குறைய அதே 1,700. இதற்கு மேல் நாளுக்கு 300 முதல் 500 கலோரி மிஞ்சினால் எடை நிதானமாக ஏறும். நாம் 500-ஐ இலக்காக வைத்துக்கொள்வோம்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது பல வருடங்களாகவே ஒல்லியாக, மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவருக்கான கணக்கு. இருந்த எடை காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தால், உதாரணமாக ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் போயிருந்தால், முதலில் மருத்துவர், அப்புறம்தான் வெண்ணெய். தைராய்டு, சர்க்கரை நோய், குடல் கோளாறு, மனச்சோர்வு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பி.எம்.ஐ. 16-க்கும் கீழே இருப்பவரோ, பல நாட்களாக ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவரோ திடீரென்று உணவைக் கூட்டக் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பாட்டைக் கண்டாலே பயம், எடை ஏறிவிடுமோ என்ற கவலை என்றிருப்பவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அது வேறு சிகிச்சை.

அதே தட்டு, கூடுதல் கலோரி

வயிறு கலோரியை எண்ணுவதைவிட இடத்தைத்தான் அதிகம் கவனிக்கிறது. உணவில் தண்ணீரும் நாரும் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் அது நிரம்பும். ஒரு ஆப்பிள் 180 கிராம் எடைக்குச் சுமார் 95 கலோரி தருகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராமுக்குள் 120 கலோரியைக் கொடுத்துவிடும். கொழுப்பில் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 மட்டுமே. பசி குறைந்தவருக்கு இந்த வித்தியாசம்தான் மூலதனம்.

நம் ஆளின் காலை உணவைப் பாருங்கள். இரண்டு ரொட்டித் துண்டு, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். ரொட்டியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் தடவினால் 100 கலோரி. முட்டையை அவிப்பதற்குப் பதில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் பொரித்து, அந்த எண்ணெயோடே தட்டில் போட்டால் 80. பாலில் இரண்டு மேசைக்கரண்டி முழுக்கொழுப்புப் பால் பவுடரைக் கரைத்தால் இன்னொரு 80. ஆக 260 கலோரி கூடிவிட்டது, தட்டில் ஏறிய எடையோ 40 கிராம்தான். மதியமும் இரவும் சமைத்த காய்கறியிலோ பருப்பிலோ வேளைக்கொரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் 240. கணக்குக்கு 500 தேறிவிட்டது. வாயால் கூடுதலாக மென்றது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இதன் பலவீனமும் கொழுப்புதான். கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். "எப்படியும் சேர்க்க வேண்டும்தானே" என்று மூன்று கரண்டியையும் மதியச் சாப்பாட்டிலேயே கொட்டினால் மாலை வரை மந்தமாக இருக்கும், ஏப்பம் வரும், எதுக்களிக்கும், இரவுச் சாப்பாடு பாதியில் நிற்கும். அடுத்த வேளையில் வழக்கத்தைவிட மிச்சம் வைக்கிறீர்கள் என்றால் முந்தைய வேளையில் கொழுப்பு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டியில் ஆரம்பித்து, ஒரு வாரம் ஒத்துக்கொண்டபின் கூட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. தினமும் வெண்ணெய் மட்டுமே வேண்டாம், சமையல் எண்ணெய், கடலை, எள் என்று மாற்றிக்கொண்டால் இதயத்துக்கும் நல்லது.

ஆறு வேளை

அதிகம் பரிந்துரைக்கப்படும் வழி இது. தனியாக இதை மட்டும் நம்பியவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் அடுத்த வேளை.

முற்பகலில் ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும், மாலையில் மறுபடியும் அதே. ஒருமுறைக்கு 275 கலோரி, இரண்டுக்கும் சேர்த்து 550. பார்க்க அருமையான வரவு. ஆனால் முற்பகல் தீனியால் மதியம் 150 கிராம் சோறு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 195 போயிற்று. மாலைத் தீனியால் இரவில் ஒரு 100 குறைகிறது. 550-இல் மிஞ்சியது 255. பாதிக்கும் குறைவு. "நாள் பூரா ஏதாவது தின்னுட்டே இருக்கேன், எடை மட்டும் ஏறலை" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கழித்தல்தான் இருக்கிறது.

இதைச் சரிசெய்ய முடியும். முதலில் நேரம். இரண்டு சாப்பாட்டுக்கும் இடையில் இரண்டரை மணி நேரமாவது வெறும் வயிறாக விட வேண்டும். மேசை மேல் டப்பாவை வைத்துக்கொண்டு அரைமணிக்கு ஒருதரம் நாலு கடலை கொறிப்பது ஆறு வேளை ஆகாது. அது பசியே வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. பல்லுக்கும் கெடுதல். பசி வரட்டும் என்று காத்திருப்பதும் இவருக்குச் சரிவராது, ஏனென்றால் அது வராது. கடிகாரம் சொன்னால் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் இல்லை.

இரண்டாவது, என்ன தின்கிறோம் என்பது. இடைவேளைக்குப் பழத்தையும் சாலட்டையும் போட்டால் இடம் போகும், கலோரி வராது. 30 கிராம் பாதாமோ வேர்க்கடலையோ முந்திரியோ உள்ளங்கையில் அடங்கும், 170 கலோரி தரும். சீஸ், பேரீச்சை, உலர்ந்த திராட்சையும் இதே ரகம். சாப்பாட்டுக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரோ டீயோ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். செலவில்லாமல் கிடைக்கும் இடம் அது.

குடித்துவிடுவது

திரவம் திட உணவைவிடச் சீக்கிரம் வயிற்றை விட்டு இறங்கும். மெல்ல வேண்டியதில்லை, அதனால் "போதும்" என்ற உணர்வும் தாமதமாகவே வரும். எடை குறைக்க நினைப்பவர்களிடம் "கலோரியைக் குடிக்காதீர்கள்" என்று சொல்வது இதனால்தான். நமக்கு அதுவே வரம்.

250 மி.லி. முழுக்கொழுப்புப் பால், ஒரு வாழைப்பழம், இரண்டு மேசைக்கரண்டி பீநட் பட்டர், இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர். மிக்சியில் அடித்தால் சுமார் 525 கலோரி, 20 கிராமுக்கு மேல் புரதம். சிக்கல் அளவில்தான்: 400 மி.லி.க்குக் குறையாமல் வரும், கெட்டியாகவும் இருக்கும். சின்ன வயிற்றுக்காரர் ஒரே மூச்சில் குடித்தால் குமட்டும். ஆகவே பாதிப் பாதி. முதல் பாதியை மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக. மறு பாதியை ஃபிரிட்ஜில் வைத்து, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு. நடுவில் அது கெட்டியாகிவிடும், கரண்டியால் கலக்கி ஒரு வாய் பால் ஊற்றிக்கொண்டால் சரி. சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு மட்டும் குடிக்க வேண்டாம், அந்தச் சாப்பாட்டை அது விழுங்கிவிடும்.

இரவு டம்ளர்தான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. அதற்குப் பிறகு கெடுவதற்கு வேளையே இல்லை, காலைக்குள் வயிறு காலி. கலோரி ஏறக்குறைய முழுசாக மிஞ்சும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மட்டும் அதை மாலைக்கு மாற்றிக்கொள்ளட்டும். பால் குடித்தால் உப்புசமும் வயிற்றுப்போக்கும் வருகிறவர்கள் லாக்டோஸ் இல்லாத பாலோ சோயா பாலோ பயன்படுத்தலாம். சோயா பாலில் கலோரி குறைவு, பால் பவுடரையும் விட வேண்டியிருக்கும், அந்தக் குறையை இன்னும் ஒன்றரை மேசைக்கரண்டி பீநட் பட்டர் ஈடுகட்டும். கடலை அலர்ஜி இருந்தால் அதற்குப் பதில் அவகாடோ.

கடையில் விற்கும் எடைகூட்டும் பவுடர்கள்? பெரும்பாலானவற்றில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தும் பால் புரதமும். மிக்சி இல்லாத இடத்தில் வசதி, அவ்வளவுதான்.

என் தேர்வு

நம் 48 கிலோ ஆளுக்கு நான் அடுக்கும் வரிசை இது. முதல் வாரம் தட்டை அடர்த்தியாக்குவது மட்டும், அதுவும் முழு 500 அல்ல, 300 அளவுக்கு. இரண்டாம் வாரம் இரவு டம்ளர், அது 260. முற்பகல் கைப்பிடிக் கடலை கடைசியாக, மதியச் சாப்பாடு குறையாமல் இருந்தால் மட்டும். முதல் இரண்டையும் கூட்டினால் 560. அங்கங்கே கொஞ்சம் கழிந்தாலும் 500-ஐ ஒட்டி நிற்கும். எண்ணிப் பார்த்தால் இதுவும் ஒரு நாளைக்கு ஐந்து வேளைதான். ஆனால் ஒவ்வொன்றும் அடுத்ததைக் கெடுக்காத இடத்தில் இருக்கிறது. வாரம் இரண்டு மூன்று முறை எடை தூக்கும் பயிற்சியும் சேர்ந்தால் ஏறுவதில் ஒரு பங்கு தசையாகும். இல்லாவிட்டால் பெரும்பகுதி கொழுப்பாகவே சேரும்.

எடையைக் காலையில், கழிவறை போய் வந்த பிறகு, சாப்பிடும் முன் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுத்தால் போதும். முதல் வாரத்தில் ஒரு கிலோ வரை துள்ளினால் மயங்க வேண்டாம். அதில் பெரும்பகுதி தண்ணீரும் குடலில் இருக்கும் உணவும். அதன் பிறகு வாரம் 250 முதல் 400 கிராம் ஏறினால் கணக்கு சரியாகப் போகிறது. 52 கிலோவுக்கு மூன்று நான்கு மாதம். மூன்று வாரமாக முள் அசையவில்லை என்றால் மூன்று நாள் சாப்பிட்டதை எழுதி வைத்து, எந்த வேளை இளைத்திருக்கிறது என்று தேடுங்கள். எதுவும் இளைக்கவில்லையென்றால் இன்னும் 200 கலோரி கூட்டலாம்: காலை ரொட்டியில் இரண்டு மேசைக்கரண்டி பீநட் பட்டர். அப்படிக் கூட்டிய பிறகும் ஒரு மாதம் நகரவில்லை என்றால், தைராய்டு, சர்க்கரை, இரத்த எண்ணிக்கை பரிசோதனைகளோடு மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.