நூறு ராண்டு போனது, ரீசார்ஜ் ஏறவில்லை: சீட்டில் நேரத்தைப் பாருங்கள்

டர்பனுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மடப்பள்ளியில் சமையல் பார்க்கிறேன். போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஊருக்கு வீடியோ கால் போடலாம் என்று பக்கத்துக் கடையில் 100 ராண்டுக்கு ஏர்டைம், அதாவது போன் ரீசார்ஜ் கேட்டேன். கார்டைத் தேய்த்தேன். பணம் எடுத்ததாக வங்கியிலிருந்து உடனே மெசேஜ் வந்துவிட்டது. கடைப் பையன் ஒரு சீட்டை நீட்டினான். அறைக்கு வந்து சீட்டில் இருந்த பின் நம்பரைப் போனில் அடித்தால், இந்த வவுச்சர் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வருகிறது.

விரல் தவறியிருக்கும் என்று இன்னும் இரண்டு முறை அடித்தேன். அதோடு நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. தப்பாகவே அடித்துக்கொண்டிருந்தால் ரீசார்ஜ் வசதியே கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும்.

திரும்பக் கடைக்குப் போனேன். "மெஷின்ல சக்சஸ்னு வந்துடுச்சு, நெட்வொர்க்கைக் கேளுங்க" என்று கையை விரித்தார்கள். ஏமாறும் இடம் இதுதான். கடையில் இருப்பது இரண்டு மெஷின். ஒன்று கார்டு தேய்ப்பது, இன்னொன்று வவுச்சர் அச்சடிப்பது. என் கடையில் இரண்டுக்கும் தொடர்பே கிடையாது. பணம் போய்ச் சேர்ந்தது என்பதற்குத்தான் அந்த சக்சஸ் சாட்சி. வவுச்சர் புதிதாக எடுக்கப்பட்டது என்பதற்கு அல்ல.

அறைக்கு வந்து விளக்கடியில் சீட்டை நிதானமாகப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் பின் நம்பர். கீழே பொடி எழுத்தில் சீரியல் நம்பர், தேதி, நேரம். நேரம் 16:12 என்று இருந்தது. நான் பணம் கட்டியதோ 18:40-க்கு. ஓரத்தில் மங்கலாக REPRINT என்று வேறு. மசி தீர்ந்துபோன மாதிரி இருந்ததால் முதலில் கண்ணிலேயே படவில்லை.

மறுநாள் காலை நெட்வொர்க்கின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டே ஒரு படி உளுந்து கழுவி முடித்தேன், அவ்வளவு நேரம். சீரியல் நம்பரைச் சொன்னதும் அந்த வவுச்சரின் கதை முழுக்க அவர்கள் திரையில் வந்துவிட்டது: முதல் நாள் 16:14-க்கு வேறொரு எண்ணில் ஏறியிருக்கிறது. யாருடைய எண் என்று சொல்ல மாட்டார்கள், அது நமக்குத் தேவையும் இல்லை. நேரம் போதும். புகார் எண்ணை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டேன்.

அந்த நேரத்தை வைத்துத்தான் எல்லாம் தெரியும். நீங்கள் வாங்குவதற்கு முன்பே ஏறியிருந்தால், கடையில் பழைய சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியதற்குப் பிறகு வேறு எண்ணில் ஏறியிருந்தால், பின் நம்பரை யாரோ பார்த்துவிட்டார்கள், அல்லது இன்னொரு பிரதி எடுத்திருக்கிறார்கள். உங்கள் எண்ணிலேயே ஏறியிருந்தால் பணம் வந்திருக்கிறது, எதுவோ விழுங்கிவிட்டது. பெரும்பாலும் முன்பு வாங்கிய ஏர்டைம் கடன்தான். அடுத்த ரீசார்ஜில் கட்டணத்தோடு சேர்த்துத் தானாகவே பிடித்துக்கொள்வார்கள். இன்னும் பயன்படுத்தவே இல்லை என்றால் நாம்தான் தப்பாக அடிக்கிறோம், அல்லது வேறு நெட்வொர்க்கின் சீட்டு.

என் கதை முதல் வகை. நாலேகாலுக்கு முன்பு வேறு யாரோ வாங்கிய வவுச்சர் அது. அதையே மறுபடி அச்சடித்து என்னிடம் தள்ளிவிட்டு, 100 ராண்டு வேறெங்கோ போயிருக்கிறது.

நெட்வொர்க் பணம் தராது. அவர்கள் கணக்கில் அந்த வவுச்சர் ஒரு முறை விற்று, ஒரு முறை ஏறிவிட்டது. அதனால் கடை முதலாளி வரும் நேரம் பார்த்துப் போனேன். வங்கி மெசேஜ், சீட்டு, புகார் எண் மூன்றையும் காட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்: வவுச்சர் மெஷினில் நேற்றைய விற்பனைப் பட்டியலை எடுங்கள் என்று. எடுத்தார். ஆறரையிலிருந்து ஏழு வரை ஒரு விற்பனையும் இல்லை. அவர் பையனைப் பார்த்தார், பையன் ரொட்டி அடுக்கைப் பார்த்தான். என் கண் முன்னாலேயே புதுச் சீட்டு அடித்துக் கொடுத்தார். நேரத்தைப் பார்த்து, அங்கேயே நின்று ஏற்றிக்கொண்டுதான் கிளம்பினேன்.

அவர் மறுத்திருந்தால், வாங்கிய பொருள் கிடைக்கவில்லை என்று வங்கியில் கார்டு பரிவர்த்தனைக்கு ஆட்சேபம் எழுதியிருப்பேன். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதற்கும் வழியில்லை. நான் எப்போது கட்டினேன் என்பதற்கே ஆதாரம் இருந்திருக்காது.

சீட்டை வாங்கியவுடன் போட்டோ எடுத்துவிடுங்கள், வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் எழுத்து போய்விடும். ஆனால் அந்தப் போட்டோவை அப்படியே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு நியாயம் கேட்காதீர்கள். பின் நம்பர் என்பது ரொக்கப் பணம், முதலில் பார்க்கிறவன் ஏற்றிக்கொள்வான். யாரிடம் விசாரித்தாலும் சீரியல் நம்பரை மட்டும் கொடுங்கள்.