முந்தியா பல்லுவா: சேலத்தில் கல்யாணப் பட்டு எடுத்த அனுபவம்

மகளுக்குத் தை மாதத்தில் சேலத்தில் கல்யாணம். மூன்று வார லீவில் மெல்போர்னிலிருந்து வந்தோம். மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாவற்றையும் அண்ணனும் அண்ணியும் முன்பே பார்த்துவிட்டார்கள். எங்களுக்கு மிச்சம் வைத்தது முகூர்த்தப் புடவை மட்டும்தான். ஒரே நாளில் முடியும் என்று நினைத்தேன். நாலு நாள் ஆனது.

முதல் நாள் கடைவீதியில் பெரிய கடை ஒன்று. மகள் இணையத்தில் பார்த்துப் பழகிய வார்த்தைகளோடு வந்திருந்தாள். உட்கார்ந்ததும் கேட்டாள்: "அண்ணா, பல்லு கான்ட்ராஸ்டா இருக்கணும்." மடித்துக்கொண்டிருந்த பையன் ஒரு நொடி அவள் வாயைப் பார்த்தான். பக்கத்தில் வெற்றிலை போட்டிருந்த பாட்டி சட்டென்று சேலையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "முந்தி கண்ணு, முந்தி" என்று அண்ணிதான் மீட்டார்.

பல்லு வடக்கத்திய வார்த்தை. எங்கள் ஊரில் தோளில் விழும்படி தனியாக நெய்த அந்த ஒரு முனைக்கு முந்தி என்று பெயர். கட்டிய பிறகு தோளிலிருந்து தொங்கும்போது அதே பகுதியை முந்தானை என்போம். சில ஊர்களில் தலைப்பு என்பார்கள். பார்டர் என்றால் கரை. ஜரி என்றால் ஜரிகை. பெரிய கடைகளில் பல்லு, பார்டர் என்றாலும் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் தறிக்காரர் வீட்டில் முந்தி, கரை என்று கேட்டால்தான் பேச்சு சரியாக நகர்கிறது.

கடைக்காரர் ஒரு புடவையை விரித்தார். உடல் மாம்பழ மஞ்சள், கரையும் முந்தியும் அரக்கு. விளக்கு வெளிச்சத்தில் தகதகவென்று இருந்தது. விலை 34,000. சில்க் மார்க் அட்டை தொங்கியது. ஜரிகை எப்படி என்று மகள் கேட்டாள். "டெஸ்டட் ஜரிகைங்க மேடம்" என்றார். அவள் என் பக்கம் திரும்பி, "பரிசோதிச்சிருக்காங்கம்மா" என்றாள், முகமெல்லாம் நிம்மதி. நானும் அப்படித்தான் நினைத்தேன். அட்வான்ஸ் கொடுக்கப் பர்ஸைத் திறந்தபோது அண்ணி கையைப் பிடித்தார்: "நாளைக்கு வரோம்னு சொல்லு." அந்த ஒரு பிடிக்காக அண்ணிக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

வெளியே வந்து தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். டெஸ்டட் என்பது ஒரு ரகத்தின் பெயர். சோதித்துப் பார்த்தது என்ற அர்த்தமே இல்லை. செம்புக் கம்பியை வைத்துச் செய்யும் மலிவு ஜரிகைக்கு வியாபாரத்தில் அந்தப் பெயர். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் வேறு மொழியில் கேட்டுக்கொண்டோம். சில்க் மார்க் அட்டையும் அப்படித்தான்: அது பட்டு நூலுக்குத்தான் உத்தரவாதம், ஜரிகையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அது பேசுவதே இல்லை.

மறுநாள் அம்மாப்பேட்டையில் அண்ணிக்குத் தெரிந்த தறிக்காரர் வீடு. குறுகிய சந்து, திண்ணை, உள்ளே இரண்டு குழித்தறி. மாப்பிள்ளை வேட்டிக்குச் சேலம் வெண்பட்டு வேண்டும் என்றுதான் அவர்களை முதலில் தேடினோம். வேட்டி அரை மணி நேரத்தில் முடிந்தது. புடவைக்கு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தோம்.

மகள் நேற்று பார்த்த புடவையின் படத்தைப் போனில் காட்டினாள். ஐயா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "படத்துல தெரியாது கண்ணு. கரை அரக்கா இருந்துச்சா, இல்ல செங்காவி மாதிரி அடிச்சுச்சா?" எனக்குத் திடீரென்று நினைவு வந்தது. கடையில் புடவையைச் சாய்த்தபோது அரக்குக் கரையில் லேசாக ஒரு ஆரஞ்சு மினுக்கம் ஓடியது. அதுவும் ஒரு அழகு என்று விட்டுவிட்டேன்.

அந்த மினுக்கம் எங்கிருந்து வருகிறது என்று தறியிலேயே காட்டினார். நீளவாக்கில் போவது பாவு, குறுக்கே போவது ஊடை. கரைக்கு அரக்குப் பாவு போட்டுவிட்டு, உடலுக்கான மஞ்சள் ஊடையையே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓட்டினால் கரையில் மஞ்சளும் அரக்கும் கலக்கும். நெசவு சுலபம், ஊடை நூலைக் கொண்டு போகும் நாடா ஒன்றே போதும். கோர்வை என்ற நெசவில் அப்படிக் கிடையாது. மூன்று நாடா ஓடும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. மஞ்சள் ஊடை கரையின் விளிம்பு வரை வந்து, அரக்கு ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடும். அதனால் கரை முழுக்கத் தனி அரக்கு. மூன்றாவது நாடாவைத் தள்ள பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். இங்கே அது அவர் மனைவி. ஒரு புடவைக்கு 12 நாள் ஆகும் என்றார்.

கண்டுபிடிப்பது எப்படி? புடவையை உட்புறம் திருப்பி, கரையும் உடலும் சேரும் கோட்டில் மகளின் விரலைப் பிடித்து வைத்துத் தேய்க்கச் சொன்னார். மெல்லிய வரப்பு மாதிரி தட்டியது, நூல்கள் கோத்துத் திரும்பும் இடம். சில புடவைகளில் அந்தக் கோடு பல் பல்லாக, கோபுரம் மாதிரி இருக்கும். ரேக்கு என்கிறார்கள். (பல்லு என்ற வார்த்தைக்கு அன்றைக்கு ஒரு நியாயம் கிடைத்தது.) ஆனால் ரேக்கைப் பார்த்ததும் கோர்வை என்று முடிவு கட்டக்கூடாதாம். ஜரிகையில் பல் வடிவத்தைப் போட்டுவிட்டு ஊடையை முழுக்க ஓட்டுகிறவர்களும் உண்டு. கரையின் நிறம் சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கடைசிச் சாட்சி. உடலும் கரையும் ஒரே நிறம் என்றால் இந்தக் கேள்வியே வேண்டாம், கோர்வைக்கு என்று அதிகம் கொடுக்கவும் வேண்டாம்.

முந்திக்கும் இதே கணக்கு, திசை மட்டும் மாறும். மஞ்சள் பாவு புடவை முழுக்க நீளமாக ஓடுகிறது. முந்தி வரும்போது ஊடையை மட்டும் அரக்காக மாற்றினால், அடியில் மஞ்சள் பாவு இருக்கத்தானே செய்யும்? அதனால் முந்தி கலந்த நிறமாக வரும். தனி அரக்கு முந்தி வேண்டுமென்றால் பாவையே மாற்ற வேண்டும். உடல் பாவின் ஒவ்வொரு இழையோடும் முந்திப் பாவின் இழையைச் சேர்த்து, கொஞ்ச தூரம் இரண்டையும் சேர்த்தே நெய்து, அப்புறம் பழைய இழைகளை வெட்டிவிடுவார்கள். இதற்குப் பெட்னி என்று பெயர். முந்தி தொடங்கும் இடத்தில் ஒரு பட்டை சற்றுத் தடிமனாக இருக்கும், பின்பக்கம் வெட்டிய நுனிகள் சொரசொரக்கும். கடையில் அதைப் பார்த்துக் குறை என்று புடவையைத் தள்ளிவைத்தவர்கள் உண்டு என்று அந்த அம்மா சொல்லிச் சிரித்தார். பாதி வேலை அந்தச் சொரசொரப்பில்தான் இருக்கிறது.

ஜரிகைக்கு வந்தோம். ஐயா ஒரு டப்பாவிலிருந்து இரண்டு துண்டு இழை எடுத்தார். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தன. முதல் இழையை நகத்தால் சுரண்டினார். சுருள் சுருளாகத் தகடு பிரிந்து வந்தது, உள்ளே சிவப்புப் பட்டு நூல். அசல் ஜரிகை இப்படித்தான்: சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம். தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட வராது, மதிப்பெல்லாம் வெள்ளியில். இரண்டாவது இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை நூல், தகடு செம்பு நிறம். அதுதான் டெஸ்டட். வியர்வை பட்டுப் பட்டு நாலைந்து வருஷத்தில் கறுக்கும். இதற்கும் கீழே பிளாஸ்டிக் ஜரிகை, சுரண்டினால் மிட்டாய்க் காகிதம் மாதிரி உரியும்.

"சிவப்பு நூல் இருந்தா நம்பிடலாமா ஐயா?" என்று மகள் கேட்டாள். முழுக்க நம்ப முடியாது என்றார். சிவப்புச் சாயம் போட்ட நூலில் செம்பைச் சுற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் தீர வேண்டுமானால் நகைக்கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவிதான், புடவைக்கு எந்தச் சேதமும் இல்லாமல் உலோக விகிதத்தைச் சொல்லிவிடும். எடை அதிகம் என்பதை மட்டும் வைத்து ஏமாறக்கூடாது. செம்பும் கனம்தான்.

அவர் வீட்டில் அதே மாம்பழ மஞ்சள், அரக்குச் சேர்க்கையில் இரண்டு புடவை இருந்தன. இரண்டும் கோர்வை, பெட்னி. ஒன்று அசல் ஜரிகை, அரை மார்க் பிடித்தது, அதாவது சுமார் 120 கிராம். விலை 46,000. வெள்ளி விலை தினமும் ஏறுவதால் இந்த வாரம் வரைக்கும்தான் இந்த விலை என்றார். இன்னொன்று ஹாஃப் ஃபைன், செம்புக்கு மேல் வெள்ளி ஏறியது, 23,500. நான் அசலையே எடுக்கலாம் என்றேன். என் பாட்டியின் கூரைப்புடவை கிழிந்த பிறகும், பழைய பட்டு வாங்க வந்தவர் அதன் ஜரிகைக்கு மட்டும் காசு எண்ணிக் கொடுத்ததைப் பார்த்தவள் நான். மகள் கேட்டது வேறு: "அம்மா, நான் இதை வெள்ளிக்கா வாங்கறேன், கட்டிக்கவா?" அவளுக்கு நிறம் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹாஃப் ஃபைன் எடுத்தோம். நேற்றுக் கடையில் கலந்த நிறத்துக்கும் டெஸ்டட் ஜரிகைக்கும் 34,000 கேட்டார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்த விலையில் விளக்குக்கும் ஏசிக்கும் எவ்வளவு பங்கோ.

பில்லில் "பட்டுப் புடவை 1" என்றுதான் எழுதினார். "கோர்வை, பெட்னி, ஹாஃப் ஃபைன் ஜரிகை" என்று சேர்த்து எழுதச் சொன்னேன். முகம் சுளிக்காமல் எழுதினார். பெரிய கடையிலும் இதைக் கேட்கலாம், எழுதத் தயங்கினால் அதிலேயே பதில் இருக்கிறது.

மூன்றாம் நாள் ரவிக்கை. ரவிக்கைத் துண்டு முந்திக்கு எதிர் முனையில் இருக்கிறது, ஃபால்ஸ் அடிப்பதற்கு முன் வெட்டிவிட வேண்டும். ஃபால்ஸில்தான் நாலாம் நாளும் போனது. எங்கள் புடவையில் ஒரு கரை பெரிது, ஒன்று சின்னது. பெரிய கரைதான் பாதத்துப் பக்கம் வரும். வீட்டுப் பக்கத்தில் தைப்பவர் எதுவும் கேட்காமல் சின்னக் கரையில் அடித்துக் கொடுத்துவிட்டார். பிரித்து மறுபடி அடிக்க 150 ரூபாய் கூடுதல், ஜரிகையில் ஊசித் துளைகள் வரிசையாக அப்படியே நின்றுவிட்டன. நல்லவேளை, அது இடுப்புக்குள் சொருகும் பக்கம்.