மெக்கானிக் தம்பிகளே, "என்.ஏ.சி. வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்குப் போனது 1,35,000 ரூபாய்

மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். கல்ஃப் கராஜ் வேலைக்கு முயற்சி பண்ணும் மெக்கானிக், ஆட்டோ எலக்ட்ரீஷியன் யாராக இருந்தாலும் முழுக்கப் படியுங்கள்.

நான் நாமக்கல் பக்கம். ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் இரண்டு வருஷம் படித்து 2015இல் பாஸ். என்.டி.சி. என்கிற தேசியத் தொழிற்சான்றிதழ் கையில் இருக்கிறது. கூடப் படித்தவர்கள் சிலர் கம்பெனியில் ஒரு வருஷம் அப்ரெண்டிஸ் போய் என்.ஏ.சி. என்கிற தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்கினார்கள். எனக்கு வீட்டு நிலைமை அப்படி, ஸ்டைபண்டை நம்பி ஒரு வருஷம் இருக்க முடியாது. அந்த செப்டம்பரிலேயே ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்துவிட்டேன். முதலில் இன்ஜின், அப்புறம் வயரிங். இப்போது முழுக்க எலக்ட்ரிக்கல் வேலைதான். அப்ரெண்டிஸ் முடிக்காதது எனக்கு உள்ளுக்குள் ஒரு குறையாகவே இருந்தது. அந்தக் குறையில்தான் கை வைத்தார்கள்.

மாவட்டத் தலைநகரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் ஒரு வெளிநாட்டு வேலைவாய்ப்பு கன்சல்டன்ஸி. தம்மாமில் பெரிய கராஜ், ஆட்டோ எலக்ட்ரீஷியன், தங்குமிடம் இலவசம் என்றார்கள். என்.டி.சி.யைக் காட்டினேன். அங்கிருந்தவர் அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது படிச்சதுக்குத்தான். வேலை கத்துக்கிட்டதுக்கு என்.ஏ.சி. எங்கே? அது இல்லாம சவுதிக்காரன் ஃபைலையே திறக்கமாட்டான்" என்றார். பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய். அன்றைக்கே கட்டினேன்.

நான் நம்பியது அவர் பேச்சை வைத்து இல்லை. ட்ரேட் டெஸ்ட்டை வைத்து நம்பினேன். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பத்து நாள் கழித்து ஒரு ஷெட்டுக்கு வரச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் உண்மையான பெஞ்ச், உண்மையான டூல்ஸ். டெஸ்ட் வைத்தவர் தலை நரைத்த பெரியவர், தொழில் தெரிந்தவர். ஒரு கிராங்க்‌ஷாஃப்டை வி பிளாக்கில் வைத்து மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தார். ஒரே ஜர்னலில் இரண்டு முனையிலும், ஒவ்வொரு முனையிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து, ஓவாலிட்டி எவ்வளவு, டேப்பர் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொன்னேன். அப்புறம் நான்கு பின் ரிலே ஒன்றைக் கொடுத்து, நல்லதா கெட்டதா என்றார். 85, 86 இரண்டிலும் பேட்டரி கொடுத்தேன், டிக் என்று சத்தம் வந்தது. அதோடு விடாமல் 30க்கும் 87க்கும் மீட்டர் வைத்தேன். கன்டினியூட்டி இல்லை. "காயில் இழுக்குது சார், உள்ளே கான்டாக்ட் கருகிப் போச்சு" என்றேன். பெரியவர் சிரித்துவிட்டார். "முக்கால்வாசிப் பேர் டிக் சத்தம் கேட்டதும் நல்ல ரிலேன்னு சொல்லிடுவான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். இவ்வளவு நியாயமாகச் சோதிக்கிறவர்கள் ஏமாற்றுவார்களா? கூட்டம் கூட்டமாக ஆளைக் கூப்பிட்டுச் சும்மா கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றே சந்தேகம் வந்திருக்கும். அந்தப் பெரியவருக்கு இதில் பங்கு இருக்கிறதா என்றுகூட எனக்கு இன்னும் தெரியவில்லை. தினக்கூலிக்கு டெஸ்ட் வைக்க வந்தவராக இருக்கலாம்.

அன்று சாயங்காலமே 45,000 கேட்டார்கள். டெஸ்ட் ரிசல்ட்டுக்கும் என்.ஏ.சி.க்கும் சேர்த்து. "ஒரு வருஷம் அப்ரெண்டிஸ் போகாம எப்படி சார்?" என்று நான் கேட்காமல் இல்லை, கேட்டேன். "உங்க பத்து வருஷ அனுபவத்தைக் கணக்குல எடுத்துக்கிட்டுக் கொடுக்கிறாங்க தம்பி, அதுக்குத்தானே டெஸ்ட் வெச்சோம்" என்றார். ஒருவருடைய சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணினேன். மூன்று வாரத்தில் லேமினேட் பண்ணிய சான்றிதழ் வந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் மனைவியின் வளையலை அடகு வைத்து, விசாவுக்கும் சவுதி எஸ்.வி.பி. டெஸ்ட்டுக்கும் என்று 80,000 ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது இல்லை. மொத்தம் 1,35,000.

தம்மாமில் இருக்கும் என் நண்பனிடம் போனில் சொன்னபோதுதான் முதல் இடி. "மச்சான், எஸ்.வி.பி. எழுதிட்டியா? ஸ்லாட் எங்க கிடைச்சது?" என்றான். "ஷெட்டில் டெஸ்ட் முடிஞ்சதே, அதுதான்னு சொன்னாங்க" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எஸ்.வி.பி. என்பது சவுதி அரசாங்கத்தின் திறன் சரிபார்ப்புத் திட்டம். ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதில் முதலிலேயே சேர்த்த தொழில்களில் ஒன்று. நம் பாஸ்போர்ட்டை வைத்து அவர்கள் தளத்தில் பதிவு பண்ண வேண்டும், அவர்கள் அங்கீகரித்த மையத்தில் தியரியும் பிராக்டிகலும் எழுத வேண்டும், ரிசல்ட்டும் அந்தத் தளத்திலேயே வரும். நான் பதிவே பண்ணவில்லை. அந்த ஷெட்டுக்காரர் கொடுத்த 'பாஸ்' தாள் அந்தக் கன்சல்டன்ஸியின் கோப்புக்கு மட்டும்தான், விசாவுக்கு அது வெறும் காகிதம்.

மறுநாள் என் ஐ.டி.ஐ. ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். ரிட்டயர்டு ஆகிவிட்டார். என்.ஏ.சி.யை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே ஒரு வரியைப் படித்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதுல தேதி 2016ன்னு போட்டிருக்கே. மேலே என்.சி.வி.இ.டி.ன்னு இருக்கு பாரு. அந்த அமைப்பை அறிவிச்சதே 2018 டிசம்பர்லப்பா. 2016ல கொடுத்த சான்றிதழ்ல அது எப்படி வரும்? அப்போ இருந்த அமைப்பு என்.சி.வி.டி.தான்" என்றார். எனக்குக் கை நடுங்கியது.

அதோடு முடியவில்லை. அந்தத் தாளின்படி நான் 2015 அக்டோபர் முதல் 2016 அக்டோபர் வரை புனேயில் ஒரு கம்பெனியில் அப்ரெண்டிஸ். நான் புனேவைக் கண்ணால் பார்த்ததில்லை. அதே ஃபைலில் என் முதலாளி கொடுத்த உண்மையான அனுபவச் சான்றிதழ் இருக்கிறது: 2015 செப்டம்பர் முதல் இன்றுவரை நாமக்கல்லில் வேலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற யாருக்கும் ஒன்று பொய் என்று தெரிந்துவிடும். சந்தேகம் முதலில் எந்தத் தாள் மேல் விழும் சொல்லுங்கள்? அரசு முத்திரை போட்ட தாளை விட்டுவிட்டு, லாரி ஷெட் முதலாளி கையெழுத்துப் போட்ட தாளைத்தான் பொய் என்பார்கள். பத்து வருஷ உண்மையான உழைப்பை நானே காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டேன்.

சார் அப்புறம் பொறுமையாக விளக்கினார். என்.ஏ.சி.யை டெஸ்ட் வைத்து ஒரு நாளில் யாரும் கொடுக்க முடியாது. கம்பெனிக்கும் அப்ரெண்டிஸுக்கும் ஒப்பந்தம் போட்டுப் பதிவாக வேண்டும், இப்போதென்றால் apprenticeshipindia.gov.in தளத்தில். அந்த ஒப்பந்தத்துக்கு எண் உண்டு. மாதாமாதம் ஸ்டைபண்ட் வந்திருக்கும், பேங்க் பாஸ்புக்கில் தெரியும். ஐ.டி.ஐ. முடித்தவன் அந்த ஒரு வருஷத்தை முடித்து, அகில இந்தியத் தொழில்தேர்வு எழுதிப் பாஸ் பண்ணினால்தான் சான்றிதழ். இதில் எதுவும் இல்லாமல் தாள் மட்டும் இருந்தால் அது அச்சகத்துத் தாள். இன்னொன்றும் சொன்னார், அதுதான் இன்னும் வலிக்கிறது. உன் வேலைக்கு என்.ஏ.சி. கட்டாயமே இல்லை. அது இருந்தால் இங்கே சில வேலைகளில் முன்னுரிமை உண்டு, வெளிநாட்டு முதலாளியிடம் ஒரு வருஷ அனுபவத்துக்குச் சமமாகக் காட்டலாம். ஆனால் உன்னிடம் என்.டி.சி. இருக்கிறது, பத்து வருஷ அனுபவம் இருக்கிறது, எஸ்.வி.பி.யை நேராக எழுதியிருக்கலாம் என்றார். ரிலே டெஸ்ட்டில் பாஸ் ஆன கைதானே இது, அங்கேயும் பாஸ் ஆகியிருக்கும்.

ஆபீஸுக்குப் போனேன். "சார் மும்பை போயிருக்கார்." அடுத்த வாரம், "சவுதியில லீவு விட்டிருக்காங்க." அப்புறம், "எஸ்.வி.பி. சர்வர் டவுன், வெயிட் பண்ணுங்க." நான் பதிவே பண்ணாத தளத்தில் சர்வர் டவுன் ஆனால் எனக்கென்ன? அதையே கேட்டேன். ரிசப்ஷனில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான்காவது தடவை அவரே உட்கார்ந்திருந்தார். 1,35,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. "தம்பி, சான்றிதழ் உங்க பேர்ல இருக்கு. காசு கொடுத்து வாங்கினது நீங்க. போலீஸுக்குப் போனா முதல்ல யாரைக் கேப்பாங்க?" என்றார். போன மாதம் வரைக்கும் என்னை வீட்டுப் பிள்ளை மாதிரி விசாரித்த மனுஷன்.

அந்த வார்த்தைக்குப் பயந்து பதினோரு நாள் சும்மா இருந்தேன். அதுவும் தப்பு. ஐ.டி.ஐ. சார்தான் அதட்டி அனுப்பினார்: அந்தத் தாளை எங்கேயும் நீ கொடுக்கவில்லை, கொடுப்பதற்கு முன்னால் நீயே போய் ஒப்படை என்று. முந்தாநாள் ஸ்டேஷனில் புகார் எழுதி, அந்தத் தாளையும் ஜிபே விவரத்தையும் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டேன். அங்கே இருந்த எஸ்.ஐ. கேட்ட முதல் கேள்வி, "இவங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?" வீட்டுக்கு வந்து emigrate.gov.in தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியலைத் தேடினேன். பெயரே இல்லை. லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்கூட நம்மிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், மொத்தம் 35,400. நான் கொடுத்தது 1,35,000. இந்தத் தேடலை முதல் நாளே பண்ணியிருந்தால் இரண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், மனசு ஓடவில்லை. அதனால் இவ்வளவுதான். பணம் கட்டும் முன் ஏஜென்ட் பெயரை eMigrate தளத்தில் தேடுங்கள். என்.ஏ.சி. என்றால் ஒப்பந்த எண் எங்கே என்று கேளுங்கள். சவுதி என்றால் எஸ்.வி.பி. பதிவை உங்கள் கையால் பண்ணுங்கள், லாகின் உங்களிடம் இருக்கட்டும். நீங்கள் போகாத கம்பெனியின் பெயர் உங்கள் ஃபைலில் வரவே கூடாது. தனி ஆள் நம்பருக்குப் பணம் போடாதீர்கள், ரொக்கம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு தாளை வாங்கி பீரோவில் வைத்திருப்பவர்கள் அதை எம்பஸி, அட்டஸ்டேஷன் என்று எங்கேயும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். ஸ்டேஷனில் நாளைக்குப் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அந்த ஆளையும் கூப்பிட்டிருக்கிறார்களாம். போய் வந்து என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன்.