331-ஆ, 332-ஆ? அம்மாவின் போனில் வெளிநாட்டு கோலைப் பூட்டிய கதை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஒருநாள் பின்னேரம் அம்மாவின் போனுக்கு ஒரு மிஸ்ட் கோல் வந்தது. திரையில் +212 என்று தொடங்கும் ஓர் எண். யாழ்ப்பாணத்து லேண்ட்லைன் என்றால் 021 2 என்று தொடங்கும் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். "தம்பி, யாழ்ப்பாணத்திலயிருந்து ஆரோ எடுத்திருக்கினம்" என்று சொல்லிக்கொண்டே திருப்பி எடுத்துவிட்டார். +212 மொரோக்கோவின் குறியீடு. ஒரு தரம் அடித்துவிட்டு வைப்பது, ஆட்கள் திருப்பி எடுக்கும்போது நிமிடக் கணக்கில் காசு பார்ப்பது, இது பழைய வித்தை. அன்று காலையில் போட்ட ரீலோட் அந்த ஒரு கோலோடு சரி.

இனி அம்மாவின் சிம்மிலிருந்து வெளிநாட்டுக்கு கோல் போகவே கூடாது என்று முடிவெடுத்தேன். அதற்கு நெட்வேர்க்கிலேயே பூட்டு இருக்கிறது. போனில் போடும் ஆப் பூட்டைவிட இது எனக்குப் பிடித்ததற்குக் காரணம் ஒன்றுதான்: பூட்டு சிம்முக்குரிய கணக்கில், நெட்வேர்க் பக்கத்தில் பதிவாகிறது. போனை ரீசெட் செய்தாலும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் அது அப்படியே நிற்கும்.

வெளியே போகும் கோலுக்கு மூன்று பூட்டுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் போனில் அடிக்கும் ஒரு குறியீட்டு எண். 33 எல்லா வெளிக் கோலையும் தடுக்கும். 331 வெளிநாட்டு கோல்களை மட்டும் தடுக்கும். 332-உம் வெளிநாட்டைத்தான் தடுக்கும், ஆனால் சொந்த நாட்டுக்குப் போகும் கோலை விட்டுவிடும்.

33-ஐ நான் உடனே தள்ளிவிட்டேன். வெறுமனே 33 போட்டால் வெளியே போகும் எஸ்எம்எஸ்ஸும் சேர்ந்து நிற்கும். கடைசியில் 11 என்ற எண்ணைச் சேர்த்தால் குரல் கோல் மட்டும் நிற்கும் என்பது உண்மைதான். ஆனாலும் என்னைத் தடுத்தது 1990. அவசர அழைப்பு என்று போன் அடையாளம் காணும் 112 போன்ற எண்கள் இந்தப் பூட்டைத் தாண்டிப் போகும். சுவசெரிய அம்புலன்ஸின் 1990-ஐ அந்தப் போன் சாதாரண எண்ணாக எடுத்துக்கொண்டால் அது தடைபடும். எழுபது தாண்டியவரின் போனில் அந்தப் பரீட்சை வேண்டாம். 33 பொருந்தும் இடம் வேறு: கடைக் கவுன்டரில் கோல் வாங்குவதற்கு மட்டும் வைத்திருக்கும் போன் மாதிரி.

மிச்சம் 331-உம் 332-உம். கொழும்பில் உட்கார்ந்திருக்கும்வரை இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. +94 என்று சேமித்த எண்களும் தடைபடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். தடைபடாது, நெட்வேர்க் பார்ப்பது + அடையாளத்தை அல்ல, நாட்டுக் குறியீட்டை. வித்தியாசம் பயணத்தில்தான் வரும். 'வெளிநாடு' என்பது நீங்கள் அப்போது நிற்கும் நாட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அம்மா சென்னைக்குப் போய் ரோமிங்கில் இருந்தால், 331-க்கு இந்தியா உள்நாடு, கொழும்பு வெளிநாடு. "வந்து சேர்ந்திட்டன்" என்று எனக்குச் சொல்ல எடுக்கும் கோலே போகாது. 332 போட்டிருந்தால் இந்திய எண்ணுக்கும் போகும், +94-க்கும் போகும், வேறு எங்கும் போகாது. ஆண்டுக்கொரு தரம் சென்னையில் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறவருக்கு 332-தான். பயணமே இல்லாதவருக்கு எதைப் போட்டாலும் ஒன்றுதான்.

அடுத்தது பாஸ்வேர்ட். அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இந்தப் பூட்டுக்கென்று நாலு இலக்க பாஸ்வேர்ட் நெட்வேர்க்கில் தனியாக இருக்கிறது. அது சிம் பின் அல்ல, பின்2 அல்ல, போனைத் திறக்கும் எண்ணும் அல்ல. ஆரம்பத்தில் 0000 அல்லது 1234 என்று வைத்திருப்பது வழக்கம், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஊகித்து ஊகித்து அடிக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று தரம் பிழைத்தால் பாஸ்வேர்டை ஏற்பதை நெட்வேர்க் நிறுத்திவிடும். பிறகு கம்பெனிதான் புதிதாக வைத்துத்தர வேண்டும். 0000, 1111, 1234 என்று வரிசையாக முயன்று பாருங்கள் என்று ஆட்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மூன்றும் பிழையென்றால் அந்த ஆலோசனையோடு உங்கள் மூன்று வாய்ப்பும் போயிற்று. ஹொட்லைனில் முதலே கேட்டுவிடுவது நல்லது.

நான் செய்த ஒழுங்கு இது. பாஸ்வேர்ட் கேட்காத நிலை விசாரணை முதலில். பூட்டு இல்லை என்று ஒழுங்கான பதில் வந்தால் இந்தச் சேவை உங்கள் சிம்மில் இருக்கிறது என்று அர்த்தம்.

```
*#332#
```

அப்புறம் பாஸ்வேர்டை மாற்றினேன். பழையது ஒருதரம், புதியது இரண்டு தரம்:

```
**03*330*0000*4826*4826#
```

இதை விட்டுவிட்டுப் பூட்டை மட்டும் போட்டால், 0000 தெரிந்த எவரும் அதைக் கழற்றலாம். கடைசியாகப் பூட்டு:

```
*332*4826#
```

கழற்றுவதற்கு முதல் நட்சத்திரத்துக்குப் பதில் # போட்டு #332*4826# என்று அடிக்க வேண்டும். ஐபோனில் இதற்கென மெனு இல்லை, குறியீடுதான் வழி. பல அண்ட்ரொய்ட் போன்களில் கோல் செட்டிங்ஸுக்குள் Call barring என்று இருக்கும். அங்கேயும் கேட்பது இதே பாஸ்வேர்டைத்தான்.

என் முதல் முயற்சி சொதப்பியது. திரையில் வெற்றி என்று வந்தது, ஆனால் 00 போட்டு கனடா எண்ணை அடித்தால் மணி அடிக்கிறது! இரட்டை சிம் போன். குறியீடு எந்த சிம்மில் போகிறதோ அந்த சிம்முக்குத்தான் பூட்டு. டேட்டாவுக்கு வைத்திருந்த சிம்மைப் பூட்டிவிட்டு, கோல் சிம்மைத் திறந்து விட்டிருக்கிறேன். ஒவ்வொரு சிம்மிலும் *#332# அடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. "Connection problem or invalid MMI code" என்று வந்தால் அது வேறு கதை: குறியீட்டை ஒருதரம் சரிபாருங்கள், சிக்னலைப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பெரும்பாலும் நெட்வேர்க் அந்தக் குறியீட்டை ஏற்கவில்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு மாற்று வழி. ஒன்று, சிம்மிலுள்ள நிலையான எண் பட்டியல். பின்2 போட்டு அதை இயக்கினால் பட்டியலில் உள்ள எண்களுக்கு மட்டும் கோல் போகும். சின்னப் பிள்ளைக்கு நல்லது. அம்மாவுக்குச் சரிவராது, பட்டியலில் 077 என்று இருந்து அவர் +9477 என்று சேமித்த எண்ணை அழுத்தினால் பல போன்கள் தடுத்துவிடும். புது டாக்டரின் எண்ணைச் சேர்க்கவும் ஒவ்வொரு முறையும் பின்2 வேண்டும். மற்றது, கம்பெனியிடமே ஐடிடியை நிறுத்தச் சொல்வது. பாஸ்வேர்ட் தலையிடி கிடையாது, வீட்டில் எவரும் கழற்றவும் முடியாது. தேவைப்படும்போது நீங்களும் கழற்ற முடியாது, திரும்பவும் கம்பெனியிடம்தான் போக வேண்டும். பாஸ்வேர்டை மறந்துவிடும் ஆள் என்றால் இதுவே மேல்.

இந்த மூன்றில் எதுவும் வாட்ஸ்அப் கோலைத் தொடாது, உள்ளே வரும் கோலையும் தொடாது. கனடாவிலிருந்து அண்ணா வழமைபோல ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறார். +212-உம் இன்னும் இடைக்கிடை ஒருதரம் அடித்துவிட்டுப் போகிறது. "யாழ்ப்பாணம் லைன் கிடைக்குதில்லை" என்று அம்மா குறைப்படுகிறார்.