தக்காளியும் பப்பாளியும்: ஒரே மருந்து ஏன் ஒன்றில் பலித்து மற்றொன்றில் தோற்கிறது

பெங்களூருக்குத் தெற்கே, ஆனேக்கல் பக்கம் என் மாமா பயிரிடும் நிலத்தில் தக்காளியும் பப்பாளியும் அடுத்தடுத்து நிற்கின்றன. சென்ற கோடையில் இரண்டுக்கும் ஒரே பூச்சிமருந்தைத் தெளித்தார். தக்காளியில் இலைச்சுருட்டை ஓரளவு மட்டுப்பட்டது. பப்பாளியிலோ இலைக்காம்புகளில் எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சைக் கோடுகளும், காய்களில் வளையங்களும் பரவிக்கொண்டே போயின. "மருந்து போலியாடா?" என்று என்னிடம் கேட்டார். மருந்தில் குறையில்லை; நச்சுயிரி பூச்சியின் உடலில் தங்கும் இடம்தான் வேறு.

தக்காளி இலைச்சுருட்டை நச்சுயிரியை வெள்ளை ஈ பரப்புகிறது. நோயுற்ற செடியில் சில நிமிடங்களாவது, பெரும்பாலும் அதற்கும் மேலாக, சாறு உறிஞ்சினால்தான் நச்சுயிரி அதற்குள் சேரும். பிறகு அது குடலைக் கடந்து, உடல் திரவத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடையப் பல மணி நேரம் பிடிக்கும். அதன்பின் அந்த ஈ பல நாட்கள், சில வேளை ஆயுள் முழுவதும், நோயைக் கடத்தும். இந்த இடைவெளியில் ஈயைக் கொன்றால் பரவல் குறையும். ஆனால் வெளியிலிருந்து ஏற்கெனவே நச்சுயிரியோடு பறந்து வரும் ஈயை மருந்து முந்திக்கொள்வது கடினம் என்பதாலும், வெள்ளை ஈ பல மருந்துகளுக்குப் பழகிவிட்டதாலும், நாற்றை நடவு வரை நெருக்கமான கண்ணியுள்ள நைலான் வலைக்குள் வளர்ப்பதையே நான் முதலில் வைப்பேன். இளஞ்செடியில் தொற்றினால் காய்ப்பே இராது. ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள ரகம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பப்பாளி வளையப்புள்ளி நச்சுயிரியோ அசுவினியின் உடலுக்குள் நுழைவதே இல்லை. ஊசிபோன்ற வாயின் நுனியில் ஒட்டிக்கொள்கிறது. செடி தனக்கு ஏற்றதா என்று அசுவினி சில விநாடிகள் குத்திப் பார்ப்பதே போதும்: அடுத்த செடியில் ஒரு குத்து, நோய் இறங்கிவிடும். மருந்து கொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. சில மருந்துகள் அசுவினியைக் கலவரப்படுத்தி இன்னும் பல செடிகளைக் குத்தவும் வைக்கின்றன. அசுவினி பப்பாளியில் குடியேறுவதும் இல்லை, வந்து குத்திவிட்டுப் பறந்துவிடும். மாமா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒன்றும் அகப்படாததன் காரணம் இதுதான்.

இந்த வேகத்திலேயே ஒரு பலவீனமும் உண்டு. சில குத்துகளில் வாய்நுனி சுத்தமாகிவிடும். ஆகவே பப்பாளி நடுவதற்கு முன்பே சுற்றிலும் இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் விதைத்தால், வரும் அசுவினி அதில் குத்தி நச்சுயிரியை இழந்துவிடுகிறது. தாது எண்ணெய்த் தெளிப்பு, நச்சுயிரி வாய்நுனியில் ஒட்டுவதையே தடுக்கும். ஆனால் புதிய தளிர் வரவர மீண்டும் தெளிக்க வேண்டும். நோய்கண்ட மரத்தை உடனே அகற்றுவது இங்கே மருந்தைவிடப் பயன் தரும்.

அசுவினி என்றாலே இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலத்தின் மூலையில் நிற்கும் வாழையின் முடிக்கொத்து நோயைப் பரப்புவதும் அசுவினியே. ஆனால் அங்கே நச்சுயிரி, வெள்ளை ஈயில் போலவே, உடலுக்குள் சென்று நாட்கணக்கில் தங்குகிறது. அந்த மூலையில் மட்டும் முதலில் மருந்தடித்து அசுவினியைக் கொன்றுவிட்டு, பிறகு வாழையைக் கிழங்கோடு தோண்டி அழிக்கச் சொன்னேன்.