மூக்கைப் பார்த்து வாங்கிய கண்ணாடி: இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

எனக்குப் பவர் மைனஸ் 4.5. மூக்குத்தண்டு தட்டை, முகம் அகலம். முன்பு நான்கு ஆண்டுகள் கறுப்புப் பிளாஸ்டிக் பிரேம் அணிந்திருந்தேன். குனிந்தால் நழுவும், சிரித்தால் கன்னத்தில் முட்டி மேலே எழும்பும். சற்று இறங்கிவிட்டாலே பஸ்ஸின் பெயர்ப்பலகை மங்கும். மைனஸ் லென்ஸ் கண்ணைவிட்டு விலக விலக அதன் பலன் குறையும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நழுவுகிறது என்று கடையில் சொன்னபோதெல்லாம் பிரேமின் இரு கைகளையும் உள்நோக்கி வளைத்து இறுக்கிக் கொடுத்தார்கள். அதனால் மோசமானதுதான் மிச்சம். நெற்றிப்பொட்டில் அழுத்தம் கூடினால், இரண்டு விரல்களுக்கு நடுவே நசுக்கிய புளியங்கொட்டை போலப் பிரேம் முன்னால் பிதுங்கிக்கொண்டு வரும். கண்ணாடியைப் பிடித்து நிறுத்த வேண்டியது காதுமடலுக்குப் பின்னே இறங்கும் வளைவு. என் பிரேமில் அந்த வளைவு காதைத் தாண்டி ஒரு விரல் தள்ளித்தான் தொடங்கியது.

வட்ட முகத்துக்குச் சதுரப் பிரேம் என்று சொல்வது அழகுக்கான யோசனை. நழுவலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பார்க்க வேண்டியது மூக்குத்தண்டின் உயரம். முகம் பார்க்கும் கண்ணாடி முன் நேராக நின்று, இரு கண்களுக்கு நடுவே மூக்கு மிகவும் பள்ளமாக இருக்கும் இடத்தில் விரலைக் குறுக்கே வைத்தேன். கருவிழியின் நடுமட்டத்துக்கும் கீழே இருந்தது. இப்படிப்பட்ட மூக்கில், பிரேமோடு வார்த்த பிளாஸ்டிக் மேடுகள் பெரும்பாலும் சரியாகப் பதிவதில்லை.

புதியது மெல்லிய உலோகப் பிரேம். மூக்கில் படியும் நோஸ் பேட்கள் தனிக் கம்பியில் நிற்பதால் வேண்டியபடி வளைக்கலாம். பழைய பிரேமின் கையில் 54-18-140 என்றிருந்தது; இதில் 49-19-145. லென்ஸின் அகலம், இரு லென்ஸ்களின் இடைவெளி, கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். மைனஸ் லென்ஸ் ஓரத்தில்தான் தடிமன் என்பதால், அகலம் 5 மில்லிமீட்டர் குறைந்ததில் பாரம் நன்றாகவே குறைந்தது.

முதல் வாரம் மூக்கின் இருபுறமும் நகக்கீறல் போலச் சிவப்புக் கோடு விழுந்தது. பேடின் மேல் விளிம்பு மட்டும் தோலில் குத்தியிருக்கிறது. கடைக்காரர் கோணத்தைத் திருப்பி, பேட் முழுவதும் படியும்படி வைத்துக் கொடுத்தார். இப்போது பதிவது வெளிறிய, அகலமான தடம். கண்ணாடியைக் கழற்றிய சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறது. உயரம் போதாவிட்டால் பேட்களை நெருக்கலாம், பிரேம் ஏறும், அகற்றினால் இறங்கும். இதை வீட்டில் இடுக்கியால் முயன்று ஒரு கம்பியை ஒடித்தேன்!

சிலிகான் பேட்கள் மஞ்சளித்துக் கெட்டியானதால் இரண்டு முறை மாற்றினேன். ஒற்றைக் கையால் கழற்றும் பழக்கத்தில் ஒரு பக்கம் விரிந்துபோய், இடது பேட் மட்டும் அழுத்தத் தொடங்கியதும் உண்டு. மே மாத வியர்வையில் இப்போதும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்கிறது. பேடையும் மூக்கையும் துடைத்துவிட்டு மாட்டினால் மறுபடி நிற்கிறது.