தரைத்தளத்தில் ஐந்தரை ஆண்டுகள், இரண்டாம் மாடியில் இரண்டு ஆண்டுகள்

எனக்கு 72 வயது, மனைவிக்கு 68. இருவருக்கும் முழங்கால் மூட்டுத் தேய்மானம். படியேற வேண்டியிராது என்று நம்பித்தான் 2018-இல் சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு தரைத்தள வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். ஆனால் அங்கும் வாசலில் கைப்பிடியில்லாத நான்கு படிகள் இருந்தன. எங்கள் செலவில் ஒரு இரும்புக் குழாயைப் பொருத்திய பிறகுதான் மனைவி தனியாகக் காய்கறி வண்டி வரை போய்வரத் தொடங்கினார். அந்த ஏற்பாட்டுக்குப் பின் நாள்தோறும் கிடைத்த சௌகரியத்தைக் குறை சொல்ல முடியாது. கொசுவும் சுவர் ஓதமும் பழகிவிட்டன.

பழக முடியாதது வெள்ளம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில் தெரு உயர்ந்து, எங்கள் வளாகம் பள்ளமாகியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை. தெருச் சாக்கடை நிரம்பி, குளியலறையின் வடிகால் துளையிலிருந்து கறுப்பாகக் கொப்பளித்தது. மின்சாரமும் இல்லாத அந்த இரவில், முதல் மாடிக்குரிய 18 படிகளையும் மனைவி ஒவ்வொன்றாக உட்கார்ந்து, பின்புறமாக நகர்ந்தே ஏறினார்.

மறு மாதமே வேறு பகுதியில் லிஃப்ட் உள்ள கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு மாறினோம். (அதற்கு முன் பார்த்த ஒரு பழைய கட்டடத்தில், பின்னாளில் சேர்த்த லிஃப்ட் இரு தளங்களுக்கு நடுவிலுள்ள திருப்பத்தில்தான் நின்றது, எப்படியும் ஒன்பது படி ஏறியே ஆகவேண்டும். விளம்பரத்தில் அதற்கும் 'லிஃப்ட் வசதி' என்றுதான் பெயர்.) இங்கே காற்றும் வெளிச்சமும் தாராளம்; மின்சாரம் போனால் லிஃப்ட் அருகிலுள்ள தளத்துக்கு வந்து கதவைத் திறந்துவிடும், பிறகு ஜெனரேட்டரில் ஓடும். ஆனால் சென்ற ஆண்டு ஓர் உதிரிபாகத்துக்காக அது ஒன்பது நாள் நின்றபோது, 36 படிகளுக்கு மேலே நாங்கள் சிறைப்பட்டோம். ஏறுவதையாவது நிதானமாகச் செய்துவிடலாம். இறங்கும்போது மடங்கிய ஒற்றை முழங்காலே உடல் எடை முழுவதையும் தாங்கி மெல்லக் கீழே விடவேண்டியிருப்பதால் வலியும் தடுமாற்றமும் அதிகம். ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வை என்று இயன்முறை மருத்துவர் சொன்ன விதி உதவியது. ஆனாலும் மருத்துவமனைக்காக ஒருமுறை இறங்கியதோடு சரி.

ஆகவே, இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது, லிஃப்ட் நின்றால் எத்தனை படி என்ற இரண்டையும்தான் இப்போது முதலில் கேட்கிறேன். தண்ணீர் தேங்காத மேட்டுப் பகுதியாக இருந்தால் தரைத்தளத்தையே எடுப்பேன். எங்கள் பகுதி அப்படிப்பட்டதல்ல என்பதால், இதே கட்டடத்தின் முதல் மாடியில் காலியாகும் வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். அங்கிருந்து 18 படிகள், இருபுறமும் கைப்பிடி வைக்கச் சங்கத்திடம் ஒப்புதலும் வாங்கியாயிற்று.